டிரான்ஸ்பார்மர் வாங்கியாயிற்று, கிரைண்டர் ஏன் அவசரப்படுகிறது?

அமெரிக்காவுக்கு மிக்சியும் கிரைண்டரும் எடுத்துவருகிறவர்களுக்கு ஊரில் எல்லோரும் சொல்லி அனுப்பும் அறிவுரை ஒன்றே: அங்கே 110 வோல்ட், அதனால் ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கிக்கொண்டால் எல்லாம் ஓடும். பாதி உண்மையான இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. முழுப் பொய் என்றால் முதல் நாளே பிடிபட்டுவிடும். பாதி உண்மையோ மோட்டார் தீய்ந்துபோகும் நாள்வரை உண்மையாகவே நடமாடுகிறது. கோயம்புத்தூரில் சில ஆண்டுகள் மோட்டார் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு நியூ ஜெர்சிக்கு வந்தவன் நான். அதனால் விமானம் ஏறுவதற்கு முந்தைய வாரம் பெட்டி கட்டிக்கொண்டிருப்பவர்கள் என்னைக் கேட்பார்கள். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி வோல்டேஜைப் பற்றியது அன்று. உள்ளே இருப்பது என்ன மோட்டார் என்பதே.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இங்கே சுவரில் இருக்கும் சாதாரண பாயிண்டில், பேச்சு வழக்கில் 110 என்றாலும், 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பிளக்கின் வடிவம் வேறு என்பது கண்ணுக்குத் தெரிகிறது, சில டாலருக்கு அடாப்டர் கிடைக்கிறது. வோல்டேஜ் வேறு என்பது பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது, அதற்கு டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. மூன்றாவதான ஹெர்ட்ஸை யாரும் பேசுவதில்லை. கடையில் வாங்கும் டிரான்ஸ்பார்மர் எதுவும் அதைத் தொடுவதுகூட இல்லை. 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் உள்ளே போனால் 240 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் வெளியே வரும். ஒரு விநாடிக்கு எத்தனை முறை மின்னோட்டம் முன்னும் பின்னும் போகிறது என்பது மின் நிலையத்தில் சுற்றும் ஜெனரேட்டரின் வேகம் தீர்மானிப்பது. நம் சமையலறை மேடையில் உட்கார்ந்திருக்கும் இரும்புப் பெட்டி அதை மாற்றாது.

போன் சார்ஜருக்கும் மடிக்கணினிக்கும் இந்தக் கவலை எதுவும் இல்லை. சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் பிளக் அடாப்டர் மட்டும் போதும். சூடு உண்டாக்கும் பொருள்களை, அதாவது கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப்பெட்டி ஆகியவற்றை, ஊரிலேயே விட்டுவிடுங்கள். கம்பிச்சுருளில் பிறக்கும் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்டேஜ் ஏறத்தாழப் பாதியானால் சூடு கால் பங்குக்குச் சற்று மேலே நின்றுவிடும். 700 வாட் ரைஸ் குக்கர் இங்கே 190 வாட்டுக்குத்தான் வேலை செய்யும், அரிசி வேகாமல் ஊறிக்கொண்டிருக்கும். டிரான்ஸ்பார்மர் போட்டால் ஓடும், உண்மைதான். ஆனால் அந்த டிரான்ஸ்பார்மரின் விலைக்கு இங்கேயே நல்ல குக்கர் வாங்கிவிடலாம். ஆகவே இங்கே எளிதில் மாற்றுக் கிடைக்காத இரண்டே பொருள்களைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

மிக்சியும் கிரைண்டரும் ஒரே சாதி அல்ல

மிக்சிக்குள் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த யூனிவர்சல் மோட்டார். ஓட்டும்போது அடிப்பக்கக் காற்றுத் துளைகளில் நீலப் பொறி தெரியுமே, அது பிரஷ் உரசும் இடத்தில் எழுவது. இந்த மோட்டார் பேட்டரியின் நேர் மின்சாரத்திலும் ஓடும், வீட்டு மாறு மின்சாரத்திலும் ஓடும். 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அது கேட்பதெல்லாம் வோல்டேஜ்தான். அதனால் மிக்சியைப் பொறுத்தவரை ஊர் அறிவுரை சரி. டிரான்ஸ்பார்மர் போதும்.

ஆனால் எந்த அளவு டிரான்ஸ்பார்மர் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 750 வாட் மிக்சிக்கு 750 வாட் டிரான்ஸ்பார்மர் வாங்குகிறார்கள். மிக்சி கிளம்பும் கணத்திலும், தேங்காயோ ஊறாத பருப்போ பிளேடில் சிக்கும் கணத்திலும், அதில் எழுதியிருப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். சிறிய டிரான்ஸ்பார்மர் அந்த நேரத்தில் தளர்ந்து வோல்டேஜைக் கீழே விட்டுவிடும். மோட்டார் திணறும், அதன் அச்சிலேயே பொருத்தியிருக்கும் விசிறியும் மெதுவாகும், சூடு உள்ளேயே தங்கும். எழுதியிருக்கும் வாட்டுக்கு இரண்டு மடங்காவது கணக்கு வையுங்கள். 750 வாட் மிக்சிக்கு 1500 வாட் டிரான்ஸ்பார்மர். அது கனமாகத்தான் இருக்கும். உள்ளே இரும்பும் தாமிரமும் இருந்தால் கனம் இல்லாமல் இருக்காது. கையடக்கமாக, லேசாக, 1600 வாட் என்று எழுதி விற்கும் பயண கன்வெர்ட்டர்களை மிக்சிக்கு அருகில் கொண்டுவராதீர்கள். அவற்றுள் பெரும்பாலானவை 230 வோல்ட் நாட்டுக்குப் போகும் அமெரிக்கரின் ஹேர் டிரையருக்காக, அலையின் ஒரு பகுதியை வெட்டியெறிந்து வேலை செய்பவை. 120ஐ 230 ஆக உயர்த்தும் வேலையே அவற்றுக்குத் தெரியாது.

கிரைண்டரின் கதை வேறு. அதில் பிரஷ் இல்லை, பொறி இல்லை. இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார், பக்கத்தில் ஒரு கண்டன்சர். வெளிக்காயிலில் மின்சாரம் பாயும்போது ஒரு காந்தப்புலம் சுழல்கிறது. உள்ளே இருக்கும் உருளை அதைத் துரத்திக்கொண்டு, கொஞ்சம் பின்தங்கியபடியே சுற்றுகிறது. அந்தக் காந்தப்புலம் எவ்வளவு வேகமாகச் சுழலும் என்பதை நிர்ணயிப்பது ஹெர்ட்ஸ். நான்கு துருவ மோட்டார் என்றால் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1500 சுற்று, 60 ஹெர்ட்ஸில் 1800. உருளை இதில் சிறிது குறைவாகச் சுற்றும், அவ்வளவுதான். எந்த டிரான்ஸ்பார்மர் போட்டாலும் அமெரிக்காவில் நம் கிரைண்டர் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில்தான் ஓடும்.

அம்மாவின் கையும் செல்போன் படமும்

இது ஏட்டுக்கணக்காகவே எனக்கு நெடுநாள் இருந்தது. ஒரு நண்பரின் தாயார் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பேரக்குழந்தை பிறப்புக்காக வந்திருந்தபோதுதான் அது மாவாகக் கைக்கு வந்தது. இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டரை, கல்லைத் தனியாகவும் டிரம்மைத் தனியாகவும் புடவைகளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். 150 வாட் மோட்டார். மகன் 500 வாட் டிரான்ஸ்பார்மர் வாங்கி வைத்திருந்தார். மூன்று மடங்குக்கும் மேல். அந்த வகையில் குறையே இல்லை. எர்த் முனையும் சரியாக இணைந்திருந்தது. கிரைண்டர் ஓடியது. ஆனால் அம்மாவுக்கு நிறைவில்லை.

"மாவு சுடுகிறது தம்பி. உளுந்து பொங்கி வரவே இல்லை. கல் ஏதோ அவசரத்தில் ஓடுகிறது" என்றார். மகன் மல்டிமீட்டரை வைத்துக் காட்டினார், 236 வோல்ட். ஊரில் வருவதுபோலவேதான் வருகிறது, பழகாத சமையலறை என்பதால் அப்படித் தோன்றுகிறது என்பது அவருடைய கட்சி. அம்மா விடவில்லை. "சத்தமே வேறு. நம் வீட்டில் இப்படிக் கத்தாது."

அந்தச் சத்தம் என்ற சொல்தான் என்னை நிமிர வைத்தது. மோட்டாரின் இரும்பு மின்சாரத்தின் ஒவ்வொரு அரைச்சுற்றுக்கும் ஒருமுறை அதிர்கிறது. அதனால் அதன் ரீங்காரம் ஹெர்ட்ஸைப்போல இரண்டு மடங்காக இருக்கும். ஊரில் 100, இங்கே 120. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு அது ச-விலிருந்து சின்ன க-வரை ஏறிய இடைவெளி. ஆண்டுக்கணக்காக அதே கிரைண்டரின் பக்கத்தில் நின்றவருக்கு அது கேட்காமல் போகாது. டிரம்மின் விளிம்பில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி, செல்போனில் ஒரு நிமிடம் படம் பிடித்தேன். கோயம்புத்தூரில் இருக்கும் அவருடைய மகளிடம் அதே மாடல் கிரைண்டர் இருந்தது. அவரையும் அதேபோல டேப் ஒட்டி, அதே அளவு உளுந்து போட்டு, படம் அனுப்பச் சொன்னோம். இரண்டையும் மெதுவாக ஓட்டி எண்ணினோம். அங்கே டிரம் பத்துச் சுற்று சுற்றும் நேரத்தில் இங்கே பன்னிரண்டு.

மகன் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். மல்டிமீட்டர் பொய் சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு அது சரியான விடையையே தந்தது. அம்மாவின் கை கேட்டதோ வேறு கேள்வி. அந்த மாலையிலிருந்து, ஒரு கருவி எப்படி ஓடுகிறது என்று விசாரிக்கும்போது அதைத் தினமும் பயன்படுத்துகிறவரிடம்தான் முதலில் பேசுகிறேன்.

வேகம் கூடினால் நல்லதுதானே, சீக்கிரம் அரைபடுமே என்று தோன்றலாம். சீக்கிரம் அரைபடும். ஆனால் மாவைப் பிசைந்து சுழற்றக் கூடுதல் ஆற்றல் போகிறது, அது சூடாக மாவிலேயே இறங்குகிறது. இன்னொரு பக்கம், மோட்டாரின் வலு குறைந்துவிடுகிறது. காந்தப்புலத்தின் வலிமை, வோல்டேஜை ஹெர்ட்ஸால் வகுத்தால் வரும் எண்ணைப் பொறுத்தது. ஊரில் 230ஐ 50ஆல் வகுத்தால் 4.6. இங்கே அந்த டிரான்ஸ்பார்மர் தந்த 236ஐ 60ஆல் வகுத்தால் 3.9. மோட்டார் தாங்கக்கூடிய உச்ச முறுக்குவிசை இந்த எண்ணின் வர்க்கத்தோடு சேர்ந்து இறங்கும். கணக்குப் போட்டால் ஊரில் இருந்ததில் ஏறக்குறைய முக்கால் பங்கைவிடக் கொஞ்சம் குறைவு. அதாவது மோட்டாரை வேகமாக ஓடவும் சொல்கிறோம், வலுவில் கால் பங்கைப் பிடுங்கியும் கொள்கிறோம். தண்ணீர் குறைவாகக் கெட்டியாக அரைக்கும்போதும், அரிசியை மொத்தமாகக் கொட்டிவிட்டு ஸ்விட்சைப் போடும்போதும்தான் இந்தக் குறை வெளியே வரும். டிரம் தயங்கும், பெல்ட் கீச்சிடும். சில நேரம் சுற்றாமல் உறுமிக்கொண்டே நிற்கும். அப்படி நிற்கும் மோட்டார் சில நிமிடங்களில் காயிலைத் தீய்த்துக்கொள்ளும். வார்னிஷ் கருகும் இனிப்பு கலந்த காட்டமான வாசனை வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

அந்த வீட்டில் நாங்கள் செய்தது எளிய ஏற்பாடு. வழக்கமான அளவில் பாதியை மட்டும் ஒருமுறைக்குப் போட்டார் அம்மா. முதலில் வெறும் டிரம்மில் தண்ணீர் ஊற்றி ஓட்டிவிட்டு, கல் ஓட்டம் பிடித்தபிறகு அரிசியைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்தார். ஊற்றிய தண்ணீர் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தது, உளுந்துக்கு ஐஸ் கட்டி மிதக்கும் தண்ணீர். ஊரில் அரை மணி நேரம் அரைத்ததை இருபத்தைந்து நிமிடத்தில் நிறுத்தினார். சுற்றுகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றேதான் என்று நான் கணக்குச் சொல்வதற்கு முன்பே விரலில் மாவைத் தேய்த்துப் பார்த்து நிறுத்திவிட்டார். ஒரு தவணைக்கும் அடுத்ததற்கும் இடையே மோட்டார் ஆறும்வரை காத்திருந்தார். உளுந்து பொங்கியது. பேரக்குழந்தையின் பெயர் சூட்டு விழாவுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அந்த மாவில்தான் இட்லி.

டிரான்ஸ்பார்மர் வேண்டாம் என்கிறவர்கள்

இன்னொரு யோசனை அவ்வப்போது வருகிறது. அமெரிக்க வீடுகளிலேயே 240 வோல்ட் இருக்கிறதே, துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு வைத்த பாயிண்டில் ஒரு அடாப்டர் போட்டு கிரைண்டரை ஓட்டினால் என்ன? 240 இருப்பது உண்மைதான். ஆனால் அது நம் ஊர் 230 போன்றதன்று. நம் வீட்டில் ஒரு கம்பியில் மின்சாரம், மற்றது நியூட்ரல். இங்கே அந்தப் பாயிண்டின் இரண்டு கம்பிகளிலும் மின்சாரம் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் 120 வோல்ட். நம் கிரைண்டரின் ஸ்விட்ச் ஒற்றைக் கம்பியைத்தான் துண்டிக்கும். அணைத்தபிறகும் உள்ளே இன்னொரு கம்பி உயிரோடு இருக்கும். ஈரக் கையோடு கல்லைத் தூக்குகிற கருவி அது. அதைவிடப் பெரிய ஆபத்து, அந்தப் பாயிண்டின் பிரேக்கர் 30 ஆம்பியர். கிரைண்டரின் மெல்லிய வயர் உருகி எரிந்தாலும் அது சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருக்கும். இத்தனையும் செய்தபிறகும் ஹெர்ட்ஸ் அதே 60தான். இந்த யோசனையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

எர்த் விஷயத்திலும் கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டும். நம் மூன்று முனைப் பிளக்கின் தடித்த முனை எர்த். எல்லா நாட்டுப் பிளக்கையும் ஏற்கும் சில அடாப்டர்களில் அந்த முனை நுழைய ஓட்டை இருக்கும், ஆனால் உள்ளே அது எதனோடும் இணைந்திருக்காது. சுவரில் செருகும் பக்கம் இரண்டு தகடுகள் மட்டும் இருந்தால் எர்த் இல்லை என்றே பொருள். மூன்றாவதாக உருண்டை முனையும் இருக்கிற அடாப்டரையும், அதேபோன்ற மூன்று முனை வயர் உள்ள டிரான்ஸ்பார்மரையும் கேட்டு வாங்குங்கள்.

டிரான்ஸ்பார்மரே தேவைப்படாத இடத்திலும் இந்த ஹெர்ட்ஸ் சிக்கல் காத்திருக்கிறது. துபாயிலும் கத்தாரிலும் 50 ஹெர்ட்ஸ். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிரிட்டனிலும் அதுவே. அங்கெல்லாம் பிளக்கை மாற்றினால் கிரைண்டர் ஊரில் ஓடியபடியே ஓடும். வளைகுடா நாடுகளில் சவுதி அரேபியா மட்டும் விலகி நிற்கிறது. அங்கே வோல்டேஜ் நம்மைப்போல, ஹெர்ட்ஸ் அமெரிக்காவைப்போல 60. ரியாத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் நேரடியாகச் செருகிவிட்டு, எல்லாம் சரியாகவே இருக்கிறது, ஆனாலும் மாவு ஏன் சுடுகிறது என்று கேட்டிருந்தார். ஜப்பானில் இது ஒரே நாட்டுக்குள் நடக்கிறது. 1890களில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்து ஜெனரேட்டர் வாங்கியது, ஒசாகா அமெரிக்காவிலிருந்து வாங்கியது. கிழக்கில் 50, மேற்கில் 60 என்று அது இன்றுவரை தொடர்கிறது. பிளக் ஒன்றே, 100 வோல்ட்டும் ஒன்றே. இருந்தும் பழைய மைக்ரோவேவ் அடுப்புகளை ஒசாகாவுக்கு மாறிப்போகிறவர்கள் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்துத்தான் எடுத்துச்செல்ல வேண்டியிருந்தது.

நீண்ட காலம் இங்கே இருக்கப்போகிறவர்களுக்கு நான் சொல்வது, ஏற்றுமதிக்கென்று செய்த கிரைண்டரை வாங்கிவாருங்கள் என்பதுதான். புவிசார் குறியீடு பெற்ற தொழில் அது, கோயம்புத்தூரில் கேட்டால் கிடைக்கும். ஆனால் கடையில் 110 வோல்ட் என்று மட்டும் கேட்காதீர்கள். மோட்டாரின் தகட்டைத் திருப்பிக் காட்டச் சொல்லி 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று படியுங்கள். காயில் சுற்றுகளைக் குறைத்துக் கம்பியைத் தடிப்பாக்கி, கண்டன்சரையும் மாற்றினால் 110 வோல்ட்டில் ஓடிவிடும். டிரம்மின் வேகம் பழையபடி இருக்க வேண்டுமானால் மோட்டாருக்கும் டிரம்முக்கும் இடையிலான கப்பியின் அளவும் மாற வேண்டும். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் தயாரித்தவரின் சர்வீஸ் எண்ணில் கேளுங்கள். டிரம்மின் வேகம் 50 ஹெர்ட்ஸ் மாடலும் இதுவும் ஒன்றா என்று கேட்டால் போதும், அவர்களுக்குப் புரியும்.

திரும்பிப் போகிறவர்கள்தான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் எதிர்த்திசை இதைவிடக் கொடியது. அமெரிக்காவில் வாங்கிய 60 ஹெர்ட்ஸ் மோட்டாரை ஊரில் டிரான்ஸ்பார்மர் போட்டு 120 வோல்ட்டில் ஓட்டினால், வோல்டேஜை ஹெர்ட்ஸால் வகுத்து வரும் எண் 2லிருந்து 2.4 ஆக ஏறுகிறது. காந்தப்புலம் இரும்பின் கொள்ளளவைத் தாண்டிவிடும், மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் ஏறும், சும்மா ஓடும்போதே மோட்டார் கொதிக்கும். உயர் வோல்டேஜுக்குக் கனத்த டிரான்ஸ்பார்மர் வைத்த மைக்ரோவேவ் அடுப்புக்கும் இதே கதிதான். இங்கே எடுத்துவந்த கிரைண்டர் வேகமாக ஓடினாலும் பாதிச் சுமையில் பல ஆண்டுகள் உழைக்கும். அங்கே எடுத்துப்போகும் மைக்ரோவேவை, தகட்டில் 50/60 என்று இல்லாவிட்டால், பெட்டியில் ஏற்றவே வேண்டாம், இங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.